பின்னட்டைக் குறிப்பும் பாட்காஸ்ட் அறிமுகமும்: செட்டிநாட்டு எழுத்தாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பின்னட்டைக்கு எவ்வளவு வேண்டும்?

நாற்பது முதல் அறுபது சொற்கள். டெம்மி அளவுப் புத்தகத்தின் பின்னட்டை ஏறக்குறைய ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் கொண்டது. மேல் பாதியை நூலைப் பற்றிய பத்தி எடுத்துக்கொள்ளும். கீழே ஒரு மூலையில் ஐஎஸ்பிஎன் பட்டைக்கோடு வரும். அதற்கு ஒன்றரை அங்குல அகலமும் ஓர் அங்குல உயரமும் ஒதுக்கிவிட்டு, பதிப்பகத்தின் சின்னம், விலை, உங்கள் படம் எல்லாம் போக மிஞ்சுவது ஓர் உள்ளங்கை அளவு இடம். அதற்குள் நூறு சொற்களைத் திணித்தால் எழுத்தைச் சிறிதாக்கத்தான் வேண்டியிருக்கும், அதைக் கண்ணாடி போட்டவர்கள் படிக்கமாட்டார்கள்.

அட்டைக்கு உள்மடிப்பு இருந்தால் நூறு சொற்கள் வரை போகலாம். நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட வேண்டாம். பின்னட்டைக் குறிப்பு, பாட்காஸ்ட் அறிமுகம், விழா அழைப்பிதழ் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். அதிலிருந்து எதை எடுப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது.

எதை வைப்பது, எதை விடுவது? எல்லாமே என் வாழ்க்கைதானே?

ஒரு புத்தகத்தை வைத்துச் சொல்கிறேன். காரைக்குடியில் வசிக்கும் ஓர் ஆச்சி, ஆத்தங்குடிக் கற்களின் வடிவங்களைப் பற்றி எழுதிய நூலுக்குக் குறிப்பு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். அவர் கையோடு கொண்டுவந்த வரைவு இப்படித் தொடங்கியது:

"காரைக்குடியில் புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே தமிழ்ப்பற்று மிக்கவராக வளர்ந்து, எம்.எஸ்சி., எம்.எட். பட்டங்கள் பெற்று, 31 ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி, பணி ஓய்வுக்குப் பின்னும் ஓயாது கோலம், சமையல், ஆன்மிகம் எனப் பல துறைகளில் ஈடுபாடு கொண்டு..."

ஒன்றும் பொய்யில்லை. ஆனால் இந்த ஊரில் பணி ஓய்வு பெற்ற பத்து ஆசிரியைகளின் பெயருக்குக் கீழே இதை ஒட்டினாலும் பொருந்தும். புத்தகக் கடையில் அட்டையைத் திருப்பிப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: இந்தப் பொருளைப் பற்றி இவர் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும்? அதற்கு விடை அந்த வரைவில் இல்லை.

அதனால் வரைவை ஓரமாக வைத்துவிட்டு, "ஆத்தங்குடிக்கு முதன்முதலில் எதற்காகப் போனீர்கள், ஆச்சி?" என்று கேட்டேன். வளவில் ஒரு கல் உடைந்துவிட்டதாம். அதன் பாதியைத் துணியில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போயிருக்கிறார். அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றிக் கல் செய்கிறார்கள். அச்சு இருந்தால்தான் பூ வரும். பட்டறைக்காரர் உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த அச்சு இப்போது எங்கும் இல்லை" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குத் திரும்பியதும், பிள்ளைகளுக்குக் கணக்கில் சமச்சீர்த் தன்மையைப் பாடம் நடத்தப் பயன்படுத்திய கட்டத்தாளை எடுத்து, அந்தப் பூவை வரைந்திருக்கிறார். பிறகு பக்கத்து வீட்டுத் தரை. பிறகு பக்கத்து ஊர்.

இரண்டு பக்க வரைவில் இதில் ஒரு வரிகூட இல்லை. "இதையெல்லாம் போய் எழுதுவார்களா?" என்றார். இதைத்தான் எழுத வேண்டும். அட்டைக்கு நான் எழுதித் தந்தது இது:

"31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்தவர். உடைந்த ஒரு தரைக்கல்லுக்கு மாற்று தேடி ஆத்தங்குடிப் பட்டறைக்குப் போனபோது, அதற்கான அச்சு இப்போது இல்லை என்று அறிந்தார். அன்று தொடங்கி ஆறு ஆண்டுகள், பழைய வீடுகளின் தரை வடிவங்களைக் கட்டத்தாளில் வரைந்தார். அவற்றில் 140 இந்த நூலில் உள்ளன. காரைக்குடியில் வசிக்கிறார்."

ஏறக்குறைய நாற்பது சொற்கள். பட்டங்கள் போய்விட்டன, கணிதம் நின்றது. பூவேலையைக் கணித ஆசிரியர் ஒருவர் பார்க்கும் பார்வை நூல் முழுவதும் இருக்கிறது, அதனால் நின்றது. சமையலும் ஆன்மிகமும் அவருக்கு முக்கியம்தான், ஆனால் இந்த நூலுக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. நாளை அவர் சமையல் நூல் எழுதினால் அதன் பின்னட்டையில் கணிதம் போய்ச் சமையல் வரும். ஒரே ஆளுக்கு ஒரே குறிப்பு என்று எதுவும் கிடையாது.

இன்னொரு திருத்தமும் செய்தேன். முதலில் "இதுவரை 140 வடிவங்களை வரைந்திருக்கிறார்" என்றுதான் எழுதியிருந்தேன். அடுத்த மாதம் 141ஆவதை வரைவார், அட்டை மாறாது. "இதுவரை", "தற்போது", வயது, யூடியூப் சந்தாதாரர் எண்ணிக்கை ஆகியவை அச்சான அன்றே பழசாகத் தொடங்குபவை. "140 இந்த நூலில் உள்ளன" என்பது இருபது ஆண்டு கழித்தும் சரியாகவே இருக்கும்.

எங்கள் வீட்டு இனிஷியல் நான்கு எழுத்து. முழுவதும் போட வேண்டுமா?

நம் பக்கத்தில் இது பெரிய கேள்வி. வெளியூர்க்காரர்களுக்கு ஓர் எழுத்து முன்னால் நின்றால் போதும். இங்கே சுப., சித., ராம., பழ., லெ., மெ. என்று பெயரின் தொடக்கமே துண்டாக நிற்கும், அதுவும் பாட்டனார் பெயரிலிருந்து வரிசையாக. ஊருக்குள் அந்த வரிசையைச் சொன்னால் இன்ன வீடு என்று தெரிந்துவிடும், அது விலாசமும்கூட. புத்தகம் வாங்குகிறவர் வேலூரில் இருந்தால் அவருக்கு அந்த எழுத்துகளால் எதுவும் தெரியப்போவதில்லை.

எத்தனை எழுத்து என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் ஒரே ஒரு முறை. மேலைச்சிவபுரியில் பிறந்த வ.சுப. மாணிக்கனார் அந்த எழுத்துகளோடுதான் தமிழுலகில் அறியப்படுகிறார். நெற்குப்பையைச் சேர்ந்த லெட்சுமணன், சோம. என்ற எழுத்துகளையும் தம் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துச் சோமலெ என்றே எழுதினார். அதுவே எழுத்தாளர் பெயராக நின்றது. கோட்டையூர் ஏ.கே. செட்டியாருக்கு இரண்டு எழுத்து. மூன்று வழியும் நல்ல வழிதான், அவர்கள் அதை மாற்றிக்கொண்டே இருக்கவில்லை.

முன்னட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், பின்னட்டை, ஐஎஸ்பிஎன் விண்ணப்பம் ஆகிய ஐந்திலும் புள்ளி, இடைவெளி உட்பட ஒரே வடிவம் இருக்க வேண்டும். முன்னட்டையில் இரண்டு எழுத்தும் பின்னட்டையில் நான்கு எழுத்தும் போட்ட நூல்களைப் பார்த்திருக்கிறேன். அவை நூலகப் பட்டியலில் இரண்டு ஆசிரியர்களின் நூல்களாகப் பிரிந்துவிடும்.

பெண்களுக்கு ஒரு சொல். கல்யாணத்துக்கு முன் அப்பச்சியின் எழுத்தோடு பத்திரிகையில் கவிதை வந்திருக்கும். பிறகு கணவரின் எழுத்தோடு ஒரு தொகுப்பு. இனி எந்தப் பெயர் என்று தீர்மானித்துவிட்டு, மற்றப் பெயரைக் குறிப்பின் உள்ளே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அந்தக் கவிதையைப் படித்தவர்கள் உங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

பிறந்தது பினாங்கில், படித்தது சென்னையில், சொந்த ஊர் கொத்தமங்கலம். எதைப் போடுவது?

சொந்த ஊர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் வீடும் கோயிலும் இருக்கும் ஊரை. பிறந்த ஊர் அதுவாக இருக்க வேண்டியதில்லை. தாத்தா காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்வந்த குடும்பங்களில் இது சகஜம். "கொத்தமங்கலத்தில் பிறந்தவர்" என்று எழுதினால் தவறு. "சொந்த ஊர் கொத்தமங்கலம்" என்று எழுதினால் சரி. சிறு வேறுபாடு போலத் தெரியும். பின்னால் யாராவது உங்கள் எழுத்தை ஆராயும்போது இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குவார்கள்.

நூல் மலாயா வாழ்க்கையைப் பற்றியது என்றால் பினாங்கு கட்டாயம் வேண்டும். சென்னை அடுக்குமாடிக் கதைகள் என்றால் பினாங்கை விட்டுவிடலாம்.

மாவட்டத்தில் கவனம் தேவை. சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974இல். செட்டிநாட்டு ஊர்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கின்றன. 1950இல் தேவகோட்டையில் பிறந்தவரைச் "சிவகங்கை மாவட்டத்தில் பிறந்தார்" என்று எழுதாமல், "இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள தேவகோட்டை" என்று எழுதுங்கள். "இன்றைய" என்ற ஒரு சொல் போதும். கொத்தமங்கலம் என்றால் மாவட்டத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். காரைக்குடிப் பக்கம் ஒன்று இருக்கிறது, ஆலங்குடிப் பக்கம் இன்னொன்று இருக்கிறது.

என்னைப் பற்றி நானே "எழுதினார்", "பெற்றார்" என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

உண்டு. தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் நிற்கும். "சொந்த ஊர் பள்ளத்தூர். தொழில் மருந்துக்கடை. இது இரண்டாவது சிறுகதைத் தொகுப்பு." மரியாதை விகுதி எங்கும் வரவில்லை; விறைப்பும் இல்லை. ஓர் இடத்தில் வினை வந்தே தீர வேண்டும் என்றால் "கற்பித்தவர்", "வரைந்தவர்" என்று முடியுங்கள். "அவர்கள்" என்று மட்டும் சேர்க்காதீர்கள். அது அழைப்பிதழில் மற்றவர்கள் உங்களுக்குப் போடும் சொல்.

விருதுகளை எல்லாம் வரிசையாகப் போடலாமா?

விருதைத் தந்தவர் யார், எந்த ஆண்டு, எந்த நூலுக்கு என்ற மூன்றையும் சொல்ல முடிகிற விருதுகளில் ஒன்றோ இரண்டோ போதும். விருதின் பெயரை மட்டும் போட்டால் வாசகருக்கு எடை தெரியாது. பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டதையும் பரிசு பெற்றதையும் ஒரே வரியில் கலக்கக் கூடாது. "முனைவர்" என்பதை ஆய்வு செய்து பெற்றவர்கள் பெயருக்கு முன்னால் போடலாம்; மதிப்புறு முனைவர் பட்டம் என்றால், தந்த நிறுவனத்தின் பெயரோடு குறிப்பின் உள்ளே சொல்வதுதான் நேர்மை.

"இத்துறையில் முதல் நூல்" என்று போட்டால் விற்பனைக்கு உதவுமே?

அந்தச் சொல்லால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவுகளைப் பற்றிய ஒரு நூலுக்கு "தமிழில் இப்பொருள் பற்றிய முதல் நூல்" என்று குறிப்பில் எழுதினேன். வெளியீட்டு விழா முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மேடைக்கு வந்து, பழுப்பேறிய சிறு வெளியீடு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து ஆசிரியரின் கையில் கொடுத்தார். அதே பொருள், பல பத்தாண்டுகள் முந்தையது. அவர் கோபப்படவில்லை. ஆசிரியருக்குத்தான் முகம் வாடிவிட்டது. தவறு முழுக்க என்னுடையது; நான் எங்கும் தேடிப் பார்க்கவில்லை.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த நூல்கள்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அவ்வளவு பழைய வெளியீடுகள் வந்த மண்ணில் "முதல்" என்று எழுதுவதற்கு முன் அந்தப் பட்டியலையாவது பார்த்திருக்க வேண்டும். இப்போது நான் "முதல்" என்ற சொல்லை ஓர் இடத்தில்தான் அனுமதிக்கிறேன்: "இது இவரது முதல் நூல்."

பாட்காஸ்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பின்னட்டைக் குறிப்பையே அனுப்பிவிடலாமா?

அனுப்பக் கூடாது. அட்டையைப் படிப்பவர் ஒரு வரியைத் தவறவிட்டால் மறுபடி படிப்பார். கேட்பவர் பஸ்ஸிலோ அடுப்படியிலோ இருக்கிறார்; போனது போனதுதான். தமிழில் வினை கடைசியில் வருவதால், "பிறந்து, வளர்ந்து, படித்து, பணியாற்றி" என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால், என்னதான் செய்தார் என்று தெரிவதற்குள் கேட்பவர் மனம் வேறெங்கோ போய்விடும். அதைப் படிக்கும் தொகுப்பாளருக்கும் நடுவில் மூச்சு முட்டும். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு முற்றுவினையோடு முடிய வேண்டும்.

அதே ஆச்சிக்கு எழுதிய பாட்காஸ்ட் அறிமுகம் இது. பெயர் வரும் இடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன்.

"உங்கள் வீட்டுத் தரையில் ஒரு கல் உடைந்துவிட்டது. அதே பூ, அதே நிறம் வேண்டும். ஆத்தங்குடிக்குப் போகிறீர்கள். அந்த அச்சு இப்போது எங்கும் இல்லை என்கிறார்கள். நாமாக இருந்தால் வேறு கல் வாங்கி வந்திருப்போம். இவர் கட்டத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஆறு ஆண்டுகள் வரைந்தார். அவற்றில் நூற்று நாற்பது வடிவங்கள் இப்போது ஒரு புத்தகமாக வந்திருக்கின்றன. முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்த ........ இன்று நம்முடன் இருக்கிறார். வணக்கம்."

நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் கேட்பவர் முன்னோக்கித் தள்ளிவிடுவார். எண்களை எழுத்தால் எழுதியிருப்பதைப் பாருங்கள். "140" என்று தாளில் இருந்தால் அவசரத்தில் "ஒன் ஃபார்ட்டி" என்று வாய் போய்விடும். பெயர் கடைசியில் வருகிறது. அட்டையில் பெயர் மேலேயே பெரிதாக இருப்பதால் குறிப்பில் அது தேவைப்படவில்லை. ஒலியில் அது வந்தவுடனே பேச்சு தொடங்க வேண்டும். முதல் வாக்கியத்தில் சொன்ன பெயர் பத்தாவது வாக்கியத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

உடைந்த கல்லின் கதையை அறிமுகத்தில் சொன்னேன். அதன் முடிவைச் சொல்லவில்லை. அந்தக் கல்லுக்கு மாற்று கடைசியில் கிடைத்ததா என்பதை ஆச்சியே சொல்ல வேண்டும், அவர் சொன்னால்தான் நன்றாக இருக்கும். தொகுப்பாளரின் முதல் கேள்வியும் அதுவாகவே அமைந்துவிடும். விருந்தினர் சொல்லப்போகும் நல்ல கதையை அறிமுகத்திலேயே கொட்டிவிட்டால், அவர் "நீங்களே சொன்ன மாதிரி" என்று தொடங்கி இரண்டு வரியில் முடித்துக்கொள்வார்.

இனிஷியலைத் தொகுப்பாளர் தப்பாகப் படித்துவிடுகிறார். என்ன செய்வது?

வாசிக்க வேண்டியபடியே எழுதிக் கொடுங்கள். "மெ.சித." என்று தாளில் இருந்தால் சென்னையில் இருக்கும் தொகுப்பாளர் எம்.எஸ். என்று படிக்கலாம், சிதம்பரம் என்று விரித்தும் படிக்கலாம். "மெ, சித" என்று காற்புள்ளி போட்டு, இப்படியே ஒலிக்க வேண்டும் என்று மேலே ஒரு வரி சேருங்கள். இதைவிட நல்லது, உங்கள் பெயரையும் ஊரையும் நீங்களே சொல்லிப் பத்து விநாடி குரல் பதிவாக அனுப்பிவிடுவது. கானாடுகாத்தான், இளையாத்தங்குடி போன்ற ஊர்ப் பெயர்களுக்கும் இது பொருந்தும்.

நிகழ்ச்சியில் "ஆச்சி" என்று அழைக்கலாமா? அறிமுகத்தில் அப்படிப் போடலாமா?

பேச்சினிடையே அழைக்கலாம், அவர் சம்மதித்தால். அறிமுகத்தில் முழுப் பெயர் வேண்டும். ஆச்சி என்றால் நமக்கு மரியாதை. வெளியூரில் கேட்பவர் பாட்டி என்று மட்டும் எடுத்துக்கொள்வார், அல்லது மசாலாப் பொடியை நினைத்துக்கொள்வார். நூலாசிரியர் நூலாசிரியராகவே உள்ளே வரட்டும், அதன் பிறகு உறவு சொல்லிக்கொள்ளலாம்.

படம் எப்படி அனுப்புவது?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். "டாக்குமெண்ட்" என்று இணைத்து அனுப்புங்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், ஆகவே ஒன்றரை அங்குல அகலப் படத்துக்குக் குறைந்தது 450 புள்ளி அகலம். வளவில் வெயில் நேராக விழாத தாழ்வாரத்தில் நின்று எடுத்தால் முகத்தில் நிழல் வெட்டாது. கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த படத்தில் பக்கத்தில் நிற்பவரின் தோள் தெரியும்.

அச்சுக்குப் போகுமுன் கடைசியாக எதைப் பார்க்க வேண்டும்?

கணினியில் பார்த்தது போதாது. அட்டையை அதே அளவில் தாளில் அச்சிட்டு வாங்குங்கள். உங்கள் குறிப்பு யூனிகோட் எழுத்தில் இருக்கும். வடிவமைப்பாளர் அதைத் தம் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ்ரீ, ஷ, க்ஷ, ஒற்றைக் கொம்பு ஆகியவை இடம் மாறும். பெயரில் லெ., மெ. வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குக் கொம்புதான் முதல் ஆபத்து: கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டால் பெயரே படிக்க முடியாமல் போகும். குறிப்பை உங்களைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறாரோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். ஆச்சியின் அட்டையை அவருடைய பேத்திதான் படித்தாள். "அச்சு" என்ற இடத்தில் "ஆச்சி" என்று படித்துவிட்டாள். தடுக்கிய இடம் அது ஒன்றுதான். அடுத்த நாள் கோப்பில் "அச்சு" என்பதைத் "தகட்டு அச்சு" என்று மாற்றி அனுப்பினோம்.